வேக்யூம் சீலர் ஒட்டவில்லையா? கசிவது எந்த இடத்தில் என்று முதலில் பாருங்கள்

கேள்வி: வீட்டிலேயே மீன் துண்டு, இறால் எல்லாம் சுத்தம் செய்து அரைக் கிலோ பையில் வேக்யூம் போட்டு விற்கிறேன். மூடியை அழுத்தி மூடுகிற சின்ன மெஷின்தான், வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போதெல்லாம் பத்துப் பை போட்டால் மூன்று நான்கு அடுத்த நாளே லூசாகிவிடுகிறது, சிலது அப்போதே ஒட்டுவதில்லை. மெஷின் போய்விட்டதா, பை மட்டமா, இல்லை நான் செய்வதில் தப்பா?

பதில்:

லூசான பைகளைக் குப்பையில் போட்டுவிட்டீர்களா? இனிமேல் போடாதீர்கள். தப்பு எதில் என்பதை மெஷினைவிட அந்தப் பைகள் தெளிவாகச் சொல்லும்.

அடுத்த தடவை போடும்போது ஒவ்வொரு பையிலும், மெஷினுக்கு இடது பக்கம் எது என்று தெரிகிற மாதிரி ஒரு ஓரத்தில் மார்க்கரால் புள்ளி வைத்துவிடுங்கள். மறுநாள் எது லூசாகிறதோ அதைச் சீல் இல்லாத அடிப்பக்கமாக வெட்டி, மீனை எடுத்துவிட்டுப் பையைக் கழுவுங்கள். வெட்டின பக்கத்தைச் சுருட்டிப் பிடித்து உள்ளே கொஞ்சம் காற்றை அடைத்து, சீல் போட்ட பக்கத்தை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கிற அதே வேலைதான். குமிழி எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்தையும் மார்க்கரால் வட்டம் போடுங்கள். நான்கைந்து பை இப்படிப் பார்த்ததும் அவற்றை வரிசையாக அடுக்கி வையுங்கள்.

எல்லாப் பையிலும் ஒரே இடத்தில் கசிந்தால் கோளாறு மெஷினில். ஒன்றில் நடுவில், ஒன்றில் ஓரத்தில் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தால் பையின் வாயில், அதாவது ஈரம் அல்லது சுருக்கம். குமிழி சீல் கோட்டிலிருந்தே வராமல் பையின் உடம்பிலிருந்து வந்தால் சீலில் குற்றமே இல்லை, இறாலின் தலைக்கொம்போ மீன் துடுப்பு முள்ளோ குத்தியிருக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. பெரும்பாலானவர்கள் முதலில் சீல் நேரத்தை ஏற்றிப் பார்க்கிறார்கள், அப்புறம் பையை மாற்றுகிறார்கள், கடைசியில் புது மெஷின் வாங்குகிறார்கள், அதிலும் அதே பிரச்சினை வருகிறது. ஏனென்றால் பழைய மெஷினில் கோளாறே இருந்திருக்காது.

மீன், இறால் என்றால் என் முதல் சந்தேகம் ஈரத்தின் மேல்தான். பை இரண்டு பொருளால் ஆனது. வெளியே நைலான், அது காற்றை உள்ளே விடாமல் தடுக்கிறது. உள்ளே பாலிஎத்திலீன், ஒட்டுவது இதுதான். பாலிஎத்திலீன் உருகி ஒன்றோடொன்று கலக்க 110, 120 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். நைலான் உருக அதைவிட நூறு டிகிரியாவது அதிகம் வேண்டும் என்பதால்தான் வெளிப்பக்கம் அப்படியே நிற்க, உள்பக்கம் மட்டும் இளகி ஒட்டுகிறது. இப்போது இரண்டு உள்பக்கங்களுக்கும் நடுவே ஒரு துளித் தண்ணீர் இருக்கிறது என்று வையுங்கள். அந்தத் துளி ஆவியாகி முடிகிறவரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. மெஷின் சூடு கொடுப்பதோ சில நொடிகள்தான். அந்த நேரம் முழுவதும் தண்ணீரைக் கொதிக்க வைப்பதிலேயே போய்விடும், கிளம்பின ஆவி வேறு இளகிக்கொண்டிருக்கிற பிளாஸ்டிக்கைக் குமிழ் குமிழாகத் தள்ளிவிடும். ஈரத்தில் போட்ட சீலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கோடு கண்ணாடி மாதிரி இருக்காது, சின்னச் சின்னக் கொப்புளம் வரிசையாகத் தெரியும். அப்போதைக்கு ஒட்டினது போலத்தான் இருக்கும். அந்தக் கொப்புளங்கள் ஒன்றோடொன்று சேர்கிற இடத்தில் முடி அகலத்துக்கு ஒரு வழி திறந்திருக்கும், ராத்திரி முழுக்க அதன் வழியாகக் காற்று மெல்ல உள்ளே போகும். உங்கள் பை அடுத்த நாள் லூசாவது இப்படித்தான்.

தண்ணீர் அந்த இடத்துக்கு எப்படி வருகிறது என்பதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, துண்டுகளைப் போடும்போதே வாயில் பட்டுவிடுவது. இதற்குப் பையின் வாயை நான்கு விரல் அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்து, சட்டைக் கை மடிக்கிற மாதிரி விட்டுக்கொண்டு, மீனைப் போட்ட பிறகு மடிப்பை எடுத்துவிட்டால் போதும். பட்டிருந்தாலும் காய்ந்த டிஷ்யூவால் உள்பக்கம் இரண்டையும் துடைத்துவிடலாம். ஈரத் துணியால் துடைத்துவிட்டுத் துடைத்தாயிற்று என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதில் பிரயோஜனம் இல்லை. மசாலா தடவின மீன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். தண்ணீராவது ஆவியாகும், எண்ணெய் போகவே போகாது, அது நடுவில் இருந்தால் இரண்டு பக்கமும் சேரவே சேராது.

இரண்டாவது வழிதான் ஏமாற்றும். வாயைச் சுத்தமாகத் துடைத்துத்தான் வைப்பீர்கள். ஆனால் உங்கள் மாதிரி மெஷினில் காற்றை உறிஞ்சுவது பையின் வாய் வழியாகத்தான், அந்தப் பாதை சீல் போடுகிற பட்டையின் மேலேயே போகிறது. காற்று தீர்ந்து பை மீனை இறுக்கும்போது மீனில் இருக்கிற தண்ணீரும் பிழிந்து அதே பாதையில் மேலே ஏறும். சூடு கிளம்புகிற நேரத்துக்குச் சரியாக ஈரமும் வந்து நிற்கும். துடைத்தது எல்லாம் வீண்.

இதற்கு உறுதியான வழி ஒன்றுதான், மேல் ஈரத்தை உறைய வைத்துவிடுவது. கழுவின துண்டுகளைச் சல்லடையில் நன்றாக வடித்து, துணியால் ஒற்றி எடுத்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் வையுங்கள். உள்ளே முழுக்க உறைய வேண்டியதில்லை, மேல் பக்கம் விரலால் தட்டினால் கடக் என்று இருந்தால் சரி. அப்புறம் பையில் போட்டு வேக்யூம் போட்டால் தண்ணீர் ஏறாது, துண்டும் நசுங்காது. ஆனால் எடுத்த கையோடு போடுங்கள். பத்து நிமிஷம் வெளியே வைத்துவிட்டு வந்தால் மேலே பனி வியர்த்து மறுபடி ஈரம்தான்.

உறைய வைக்க நேரமில்லை, அன்றே குளிராகக் கொடுக்க வேண்டும் என்றால், டிஷ்யூ தாளை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து, பையின் குறுக்கே மீனுக்கும் சீல் வரும் இடத்துக்கும் நடுவில் வைக்கலாம். மேலே ஏறுகிற தண்ணீரை அது குடித்துக்கொள்ளும். சீல் கோட்டுக்குள் மட்டும் தாள் போகக் கூடாது. மெஷினில் ஈரப் பொருளுக்கென்று தனி பட்டன் இருந்தால் அழுத்துங்கள், அதில் சூடு கொடுக்கும் நேரம் கூடும். லேசான ஈரத்துக்கு அது போதும், சொட்டுகிற ஈரத்துக்குப் போதாது. தண்ணீர் மேலே ஏறுவது கண்ணில் தெரிந்தால் மெஷின் தானாக முடிக்கும்வரை காத்திருக்காமல் கையால் சீல் பட்டனை அமுக்கிவிடுங்கள். கொஞ்சம் காற்று மிஞ்சும், சீல் நிற்கும். குழம்பு, சாறு மாதிரித் திரவமாகவே இருப்பதை இந்த மெஷினில் போட முயலாதீர்கள். அதற்குப் பை முழுவதையும் பெட்டிக்குள் வைத்து மூடுகிற சேம்பர் மெஷின் வேண்டும். அதில் பைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் காற்று குறைவதால் திரவத்தைப் பிழிந்து மேலே தள்ளுகிற வேலை நடக்காது.

சுருக்கம் வேறு கதை. சீல் கோட்டில் பை ஒரு இடத்தில் மடிந்துவிட்டால் அங்கே இரண்டு அடுக்குக்குப் பதில் நான்கு அடுக்கு இருக்கும். சூடு உள்ளே வரைக்கும் போய்ச் சேராது. போய்ச் சேர்ந்தாலும், மடிப்பு திரும்புகிற முனையில் ஊசித் துளை அளவுக்கு ஒரு குழாய் விட்டுப்போகும். நிறையப் பேர் அதன் மேலேயே இரண்டாவது சீல் போடுகிறார்கள். மடிப்பு நீளவாக்கில் ஓடுகிறது என்றால் இரண்டாவது கோட்டையும் அது வெட்டிக்கொண்டுதான் போகும், ஓட்டை ஒன்றுக்கு இரண்டாகும், அவ்வளவுதான். மடிப்பு விழுந்த சீலை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி. அதற்குப் பையில் நீளம் மிச்சம் இருக்க வேண்டும், ஆகவே மீனுக்கும் வாய்க்கும் நடுவே 7, 8 செ.மீ. காலியாக விடுங்கள். பை விலையை மிச்சம் பிடிக்கிறேன் என்று 3 செ.மீ. விடுவதுதான் சுருக்கத்துக்கு முக்கியக் காரணமே. உருண்டையான பொருள் வாய்க்கு அருகில் இருந்தால், காற்று போகும்போது மேல் தாள் அதைச் சுற்றி வளையக் கூடுதல் நீளம் கேட்கும், கீழ்த் தாள் கேட்காது, அந்த வித்தியாசம் எல்லாம் வாயில் வந்து மடிப்பாக நிற்கும்.

மீன் துண்டை ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் பரப்பிப் போடுங்கள். பை மெஷினுக்குக் கீழே தொங்கக் கூடாது, பையும் மெஷினும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். மெஷின் உயரமாக இருந்தால் பைக்கு அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தாலே போதும். மூடியை மூடும் முன் வாயின் இரண்டு மூலையையும் கட்டை விரலால் எதிரெதிராக லேசாக இழுத்துப் பிடித்து, தாள் விறைப்பாக இருக்கும்போது மூடுங்கள். ரோலிலிருந்து வெட்டுகிற பை என்றால் அது வளைந்தே இருக்கும், வளைவு கீழ் நோக்கி இருக்கும்படி வையுங்கள். கோணலாக வெட்டின வாயும் தொல்லை தரும், ஒரு மூலை காற்று உறிஞ்சும் பள்ளத்துக்குள் போகாமல் நிற்கும்.

பை பற்றிக் கேட்டீர்கள். இந்த வகை மெஷினுக்கு ஒரு பக்கமாவது கட்டம் கட்டமாகச் சொரசொரப்பு உள்ள பைதான் வேண்டும், காற்று வெளியே வர அந்தப் பள்ளங்கள்தான் வழி. வழவழப்பான பை சேம்பர் மெஷினுக்கானது. அதை இதில் போட்டால் தாள்கள் ஒட்டிக்கொண்டு காற்று வராமல் நின்றுவிடும். உங்களுக்குக் காற்று ஒழுங்காகப் போகிறது, அப்புறம்தான் லூசாகிறது என்பதால் பை மேல் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை.

இனி மெஷின். குமிழி ஒரே இடத்தில் வந்தால்தான் இதைப் படிக்க வேண்டும். மெஷினைத் திறந்தால் ஒரு பக்கம் பழுப்பு நிறத்தில் துணி மாதிரி நெசவு தெரிகிற ஒரு பட்டை இருக்கும். அது டெஃப்லான் டேப், அதற்கு அடியில்தான் சூடாகும் கம்பிப் பட்டை. எதிர்ப்பக்கம் பையை அழுத்துகிற சிலிகான் ரப்பர் பட்டை. இவை தவிர பள்ளத்தைச் சுற்றி ஸ்பாஞ்ச் மாதிரி வளையம் மேலும் கீழும் இருக்கும், அது காற்றைத் தடுக்க மட்டும். அது அமுங்கிப்போனால் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், காற்று தீராது, சீல் கட்டத்துக்கே மெஷின் போகாது. உங்களிடம் அப்போதே ஒட்டாத பைகள் எந்த ரகம் என்று பாருங்கள். காற்றே போகாமல் நின்றது என்றால் அந்த வளையம், காற்று போய்ச் சூடும் கொடுத்து ஒட்டவில்லை என்றால் பட்டை. வேலை முடிந்ததும் மூடியைப் பூட்டியே வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஸ்பாஞ்ச் சப்பையாவது அதனால்தான்.

டெஃப்லான் டேப் கருகியிருக்கிறதா, கொப்புளமோ கிழிசலோ இருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்த இடத்தில் பை நேராகக் கம்பியில் ஒட்டி, இழுக்கும்போது சீலையே பிய்த்துக்கொண்டு வரும். மாற்றுவது கஷ்டமில்லை. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, பழைய டேப்பை உரித்து, பசையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, புதியதை ஒரு முனையிலிருந்து சுருக்கமில்லாமல் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். பழையதன் மேலேயே ஒட்டினால் தடிமன் கூடிச் சூடு சரியாக மேலே வராது. கடையில் வெறுமனே டெஃப்லான் டேப் என்று கேட்டால் பைப்புக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பைக் கொடுத்துவிடுவார்கள், அது இதற்கு உதவாது. கை சீலிங் மெஷினுக்கு உதிரி விற்கிற கடையில், பின்னால் பசை உள்ள பழுப்பு டேப் என்று கேளுங்கள். டேப்பை உரிக்கும்போது அடியில் இருக்கிற கம்பிப் பட்டை நெளிந்தோ அறுந்தோ இருந்தால் அதையும் மாற்ற வேண்டும், அது தெரிந்தவரிடம் கொடுக்கிற வேலை.

ரப்பர் பட்டையின் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. பிளக் போடாமல், செய்தித்தாளை விரல் அகலத் துண்டுகளாகக் கிழித்து, பட்டையின் நீளத்துக்கு ஐந்தாறு இடத்தில் வைத்து மூடியைப் பூட்டுங்கள். ஒவ்வொன்றாக இழுங்கள். ஒரு துண்டு மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் குழிந்திருக்கிறது, அழுத்தம் இல்லை. சூடு இருந்து அழுத்தம் இல்லாவிட்டாலும் ஒட்டாது.

போன வருஷம் என் நாத்தனார் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் புரியும். அவரும் மீன்தான், 15 செ.மீ. அகலப் பையில் வஞ்சிரம் துண்டு. 12 பை போட்டதில் 5 லூசு. மெஷின் அவ்வளவுதான் என்று முடிவே கட்டிவிட்டார். தண்ணீரில் அமுக்கிப் பார்த்தபோது மூன்று பையில் ஒரே இடத்தில், இடது ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளிக் குமிழி. ஒன்றில் சுருக்கம், கண்ணாலேயே தெரிந்தது. மற்றொன்றில் சீல் அருமையாக இருந்தது, பையின் நடுவில் துடுப்பு முள் குத்தியிருந்தது. செய்தித்தாள் துண்டை வைத்து இழுத்ததில் அந்த நான்கு விரல் இடத்தில் மட்டும் வெண்ணெய் மாதிரி வழுக்கியது. விசாரித்தால், 30 செ.மீ. மெஷினில் ஒன்றரை வருஷமாகச் சின்னப் பையை எப்போதும் இடது ஓரமாகவே வைத்துப் போட்டிருக்கிறார், போதாததற்கு உருகி ஒட்டின பிளாஸ்டிக்கை அங்கே கத்தியால் சுரண்டியிருக்கிறார். இடது பாதி தேய்ந்து குழிந்துவிட்டது, வலது பாதி புதுசு மாதிரி இருக்கிறது.

அன்றைக்குச் செய்தது பையை வலது பக்கம் நகர்த்தியது மட்டும்தான். அப்புறம் ரப்பர் பட்டையைப் பள்ளத்திலிருந்து மெல்ல நெம்பி எடுத்துக் கழுவினோம். அதன் இரண்டு முகமும் ஒரே மாதிரி தட்டையாக இருந்ததால் அடிப்பக்கம் மேலே வரும்படி திருப்பிப் போட்டோம். எல்லா மெஷினிலும் இது நடக்காது, சிலவற்றில் அடிப்பக்கம் பள்ளத்தில் பிடிக்கும்படி வேறு வடிவத்தில் இருக்கும், அப்போது புதிதுதான். முள் உள்ள துண்டுகளுக்குத் துடுப்பை ஒட்ட வெட்டி, முள் பக்கத்தை மடித்த பட்டர் பேப்பரால் மூடச் சொன்னேன். அடுத்த 12 பையில் ஒன்றுதான் போனது, அதுவும் சுருக்கம்.

இவை எதிலும் அடங்காமல், முதல் சில பை நன்றாக விழுந்து அப்புறம் கெட்டுப்போகிறது என்றால் பட்டை அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. அப்படிப்பட்ட சீல் மெலிந்து, கோட்டை ஒட்டியே தாள் அறுந்து வரும். ஒரு பைக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை நிமிஷமாவது விடுங்கள். மாறாக, சாயங்காலம் மட்டும் ஒட்டாமல் சீல் மங்கலாக விழுந்து, ஆறின பிறகு கையால் உரிக்க வருகிறது என்றால் உங்கள் தெருவின் வோல்டேஜைப் பாருங்கள். கம்பிப் பட்டை நேராக மின்சாரத்தில் சூடாகிற மெஷினில் 230 இருக்க வேண்டியது 200க்கு இறங்கினால் சூடு ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும், மெஷினோ வழக்கமான நேரத்துக்கே கொடுத்துவிட்டு நிறுத்திவிடும். அந்த நேரத்தில் சீல் நேரத்தைக் கூட்டலாம், அல்லது காலையில் போடலாம்.

லூசான பையில் இருக்கிற மீனை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விற்பனைக்கு என்பதால் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீசரில் கல்லாக இருக்கும்போதே லூசானது தெரிந்தால் வெட்டி, புதுப் பையில் போட்டுக்கொள்ளலாம். குளிரில் மட்டும் இருந்து, பை வெறுமனே லூசாகாமல் பலூன் மாதிரி உப்பியிருந்தால் அது வெளிக்காற்று இல்லை, உள்ளே கிருமி வளர்ந்து விட்ட வாயு. அதை முகர்ந்துகூடப் பார்க்க வேண்டாம், அப்படியே தூக்கிப் போடுங்கள். சீல் கச்சிதமாக இருந்தாலும் வேக்யூம் போட்ட மீனை வெளியே வைக்கக் கூடாது, காற்றில்லாத இடத்தில்தான் வளர்கிற கிருமியும் உண்டு, அது வாடை காட்டாது. உறைந்த பையை உருக வைக்கும்போது ஒரு மூலையை வெட்டித் திறந்துவிட்டு ஃபிரிட்ஜுக்குள் வைத்து உருக வைக்கும்படி வாங்குகிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.